18 ஏத்தி 18 இறக்கினா ஏன் பழைய விலை வரல: ஒரு கிரைண்டர் கடை பில்லோட கதை

இந்த எபிசோடுக்குக் காரணம் போன மாசம் வந்த ஒரு மெயில். திருப்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி, ஆன்லைன்ல டி-ஷர்ட் விக்கிறவங்க, கேட்டிருந்தாங்க: "அண்ணா, அடக்க விலை மேல 40 சதவீதம் ஏத்தி விலை போட்டிருந்தேன். ஸ்டாக் போகல. சரி, லாபம் வேண்டாம், போட்ட காசு வந்தா போதும்னு 40 சதவீதம் தள்ளுபடி போட்டேன். எல்லாம் வித்துருச்சு. ஆனா பேங்க்ல காசு குறையுது. கூரியர் செலவு எல்லாம் தனியா எழுதி வெச்சுட்டேன், அதனால இல்ல. எங்க போச்சு?"

அந்த மெயிலைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா இதே தப்பை நான் பண்ணியிருக்கேன். அவங்க தன்னோட காசுல பண்ணினாங்க, நான் என்னோட மாமா காசுல பண்ணினேன். அதுவும் இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்குப் போய், பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதிப் பண்ணினேன். அவங்க கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்தக் கதையைச் சொல்லிடறேன். பதில் அதுக்குள்ளதான் இருக்கு.

மாமாவுக்குச் சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னக் கடை. மிக்ஸி, ஃபேன், குக்கர் எல்லாம் இருக்கும், ஆனா கடையோட உயிர் வெட் கிரைண்டர்தான். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்குங்கறது நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2021 ஜூன்ல, லாக்டவுன் சமயம், நான் வீட்ல இருந்து வேலை பார்த்துட்டு இருந்தப்ப மாமா கூப்பிட்டாரு. "மாப்ளே, பில் போடறதுக்கு ஒரு சாஃப்ட்வேர் வேணும். கடையில விக்கிறதுக்கு வர்றவன் வருஷத்துக்கு இத்தனைன்னு கேக்கறான். நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே, ஒண்ணு பண்ணிக் கொடு." ரெண்டு வாரக் கடைசியில எழுதி முடிச்சேன். ஸ்க்ரீன்ல மாடலைத் தேர்ந்தெடுக்கணும், விலையைப் போடணும், பில் வரும். அவ்வளவுதான்.

இங்க ஒரு விஷயம் கவனிக்கணும். கடைக்காரர் வாடிக்கையாளர் கிட்டப் பேசுறது வரியோட சேர்ந்த முழு விலை. பெட்டியில அச்சடிச்சிருக்கிற எம்ஆர்பியும் எல்லா வரியும் சேர்ந்ததுதான். "கிரைண்டர் அஞ்சாயிரத்து இருநூத்தி அம்பதுங்க" அப்படின்னா வரியும் அதுக்குள்ள இருக்கு. ஆனா பில்லுல வரி இல்லாத விலை எவ்வளவு, வரி எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டணும். அதனால சாஃப்ட்வேர் முழு விலையில இருந்து பின்னாடி போய் அசல் விலையைக் கண்டுபிடிக்கணும். நான் எழுதினது இது:

```python
def split_price(total, rate):
    tax = total * rate / 100
    return total - tax, tax
```

படிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் தெரியும். வரி 5 சதவீதம், அதனால மொத்தத்துல 5 சதவீதத்தை எடுத்துட்டா மீதி அசல் விலை. ஏத்தினதை இறக்கிட்டோம். இதுல என்ன தப்பு இருக்க முடியும்னுதான் நானும் நினைச்சேன்.

அப்போ கல் வெச்ச வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு கிரைண்டரோட அசல் விலை 5,000 ரூபாய்னு வெச்சுக்கங்க. 5 சதவீத வரி 250. மொத்தம் 5,250. என்னோட ப்ரோக்ராம் 5,250-ல 5 சதவீதம் எடுத்துச்சு. அது 262 ரூபாய் 50 பைசா. அசல் விலைன்னு 4,987 ரூபாய் 50 பைசா காட்டுச்சு. சரியான கணக்குக்கும் இதுக்கும் பன்னெண்டரை ரூபாய் வித்தியாசம். அஞ்சாயிரத்துல பன்னெண்டரை ரூபாய்! கடையில யாரும் கண்டுக்கல. மாசக் கடைசியில ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு பையன் மட்டும் "சார், கொஞ்சம் டேலி ஆகல, ரவுண்ட் ஆஃப்னு போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டிருக்கான். மாமா "போட்டுக்க"ன்னு சொல்லிட்டாரு. 13 மாசம் இப்படியே ஓடுச்சு.

2022 ஜூன் கடைசியில சண்டிகர்ல ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் நடந்துச்சு, 47-ஆவது கூட்டம். அதுல எடுத்த முடிவுகள் ஜூலை 18-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. நிறைய பேருக்கு அந்தத் தேதி, பாக்கெட் தயிருக்கும் பாக்கெட் அரிசிக்கும் வரி வந்த நாளா ஞாபகம் இருக்கும். கோயம்புத்தூர்ல வேற ஞாபகம். தண்ணி பம்புக்கு வரி 12-ல இருந்து 18 ஆச்சு, வெட் கிரைண்டருக்கு 5-ல இருந்து நேரா 18 ஆச்சு. ரெண்டுமே நம்ம ஊர்ப் பட்டறைச் சரக்கு.

நான் ஜூலை 17 ராத்திரி சாஃப்ட்வேர்ல ஒரே ஒரு நம்பரை மாத்தினேன். 5-ஐ அழிச்சு 18-னு போட்டேன். "அப்டேட் பண்ணிட்டேன் மாமா"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு கட்டைவிரலோட மெசேஜும் போட்டேன்.

இப்போ அதே 5,000 ரூபாய் கிரைண்டருக்கு வரி 900. மொத்தம் 5,900. என்னோட ப்ரோக்ராம் 5,900-ல 18 சதவீதத்தை எடுத்துச்சு: 1,062 ரூபாய். அசல் விலைன்னு 4,838 காட்டுச்சு. கட்ட வேண்டிய வரி 900, பில்லுல இருந்தது 1,062. ஒரு கிரைண்டருக்கு 162 ரூபாய் அதிகம்.

இது யார் காசு? வாடிக்கையாளர் கொடுத்தது 5,900 மட்டும்தான், அவருக்கு எந்த நஷ்டமும் இல்ல. அந்த 162 மாமாவோட லாபத்துல இருந்து போகுது. மாமா அந்தக் கிரைண்டரை வரி இல்லாம 4,400-க்கு வாங்கறாரு. வாங்கும்போது கட்டின வரியை இன்புட் கிரெடிட்ல கழிச்சுக்கலாம், அதை விட்டுருவோம். சரியான கணக்குப்படி 5,000 கழிச்சல் 4,400, ஒரு கிரைண்டருக்கு 600 ரூபாய் நிக்கும். கடை வாடகை, ஆள் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் அதுலதான். என்னோட கணக்குப்படி 4,838 கழிச்சல் 4,400, நிக்கிறது 438. நாலுல ஒரு பங்குக்கும் மேல லாபம் காணாமப் போச்சு. மாசம் 20 கிரைண்டர் வித்தா 3,240 ரூபாய். வருஷத்துக்கு 38,880.

கண்டுபிடிச்சது ஆடிட்டர். ஆகஸ்ட் முதல் வாரம் ரிட்டர்னுக்கு லிஸ்ட் போயிருக்கு. அவர் மாமாவுக்குப் போன் போட்டு, மாமா அதை எனக்கு கான்ஃபரன்ஸ்ல போட்டாரு. ஆடிட்டர் நிதானமான மனுஷன். "ஏனுங்க தம்பி, இந்த பில்லுல அசல் விலை 4,838-னு போட்டிருக்கு. அதுக்கு 18 சதவீதம் போட்டுப் பாருங்க, எவ்வளவு வருது?" நான் கால்குலேட்டர்ல போட்டேன். 870 ரூபாய் 84 பைசா. "ரெண்டையும் கூட்டுங்க." 5,708 ரூபாய் 84 பைசா. "பில்லு 5,900-னு இருக்குங்களே?"

நான் ஒரு பத்து செகண்ட் பேசல. மாமா மட்டும் "என்ற கடையில கால்குலேட்டர் வெச்சிருந்த வரைக்கும் இப்படி வந்ததில்லீங்க" அப்படின்னாரு. அது உண்மைங்கறதுதான் வலிச்சது. முன்னாடி கடையில பில் எழுதிட்டிருந்த அக்கா, பத்தாவது வரைக்கும் படிச்சவங்க, 18 சதவீதப் பொருள்னா மொத்தத்தை 118-ஆல வகுத்து 100-ஆல பெருக்குவாங்க. அப்படித்தான் அவங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க, அது சரி.

சரி, என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். 5,900 பெருசா இருக்கு, 100-ஆ எடுத்துக்கலாம்.

100 ரூபாய் பொருளுக்கு 18 சதவீதம் ஏத்தறோம். 18 ரூபாய் சேருது, 118 ஆகுது. இப்போ 18 சதவீதம் இறக்கறோம். எதுல 18 சதவீதம்? 118-ல. 118 ரூபாய்ல 18 சதவீதம்ங்கறது 21 ரூபாய் 24 பைசா. ஏத்தினது 18 ரூபாய், இறக்கினது 21 ரூபாய் 24 பைசா. வந்து நிக்கிற இடம் 96 ரூபாய் 76 பைசா.

அந்தக் கூடுதல் 3 ரூபாய் 24 பைசா எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க, அதுலதான் விஷயம் இருக்கு. 118-ஐ ரெண்டாப் பிரிங்க. பழைய 100 ஒரு பக்கம், புதுசா வந்த 18 ஒரு பக்கம். இறக்கும்போது பழைய 100-ல இருந்து 18 ரூபாய் போகுது. அது சரி, ஏத்தினதுக்குச் சமம். ஆனா புதுசா வந்த 18-ல இருந்தும் 18 சதவீதம் போகுது. அதுதான் 3 ரூபாய் 24 பைசா. என்னோட ப்ரோக்ராம் வரியை மட்டும் கழிக்கல, வரி மேலயும் ஒரு வரி போட்டுக் கழிச்சுது.

ஸ்கூல்ல படிச்ச மாதிரி எழுதினா ஒரு வரிதான்:

```
(1 + r)(1 - r) = 1 - r*r
```

இந்த r வர்க்கத்துல இருந்து ரெண்டு விஷயம் வருது. முதல் விஷயம், எப்பவும் குறையத்தான் செய்யும். வர்க்கம் எப்பவும் பாசிட்டிவ், அதைக் கழிக்கிறோம். அதனால ஏத்தி இறக்கினா ஒருநாளும் பழைய விலைக்கு மேல வராது, பழைய விலைக்கும் வராது. பூஜ்ஜியம் சதவீதமா இருந்தாத்தான் உண்டு.

ரெண்டாவது விஷயம்தான் என்னை மாட்டிவிட்டது. சதவீதம் கூடும்போது தப்பு அதே வேகத்துல கூடாது, வர்க்கமாக் கூடும். 5 சதவீதத்துல தப்பு நூத்துக்குக் கால் ரூபாய். 18 சதவீதத்துல நூத்துக்கு 3 ரூபாய் 24 பைசா. சதவீதம் மூணரை மடங்கு ஆச்சு, தப்பு கிட்டத்தட்ட 13 மடங்கு ஆச்சு. 5,000 ரூபாய் கிரைண்டர்ல போட்டுப் பாருங்க: பன்னெண்டரை ரூபாய் 162 ஆன கணக்கு இதேதான். 13 மாசம் ஒளிஞ்சுக்கிட்டு இருந்த பிழை, வரி மாறின அன்னிக்கு வெளிய வந்துச்சு. அது ஜூலை 17 ராத்திரி வந்த பிழை இல்ல. சின்ன சதவீதத்துல அது கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நான் டெஸ்ட் பண்ணினப்பவும் 5 சதவீதப் பொருளைத்தான் போட்டுப் பார்த்திருக்கேன். "ஏறக்குறைய வருதே"ன்னு விட்டுட்டேன்.

இந்த இடத்துல ஃப்ரெண்ட்ஸ் நிறைய பேர் கேக்கற ஒரு கேள்வி: முதல்ல இறக்கிட்டு அப்புறம் ஏத்தினா? விலை கம்மியா இருக்கும்போது ஏத்தறோம், அதனால வேற பதில் வருமோ? வராது. 100-ல 18 சதவீதம் இறக்கினா 82. 82 மேல 18 சதவீதம் ஏத்தினா 14 ரூபாய் 76 பைசா சேருது. 96 ரூபாய் 76 பைசா. அதே இடம். 0.82-ஆலயும் 1.18-ஆலயும் பெருக்கறோம், எதை முதல்ல பெருக்கினாலும் விடை ஒண்ணுதான். எனக்கு இது முதல்தடவை போட்டுப் பார்த்தப்ப ஆச்சரியமா இருந்துச்சு. வழி வேறயா இருக்கு, வழியில போற உயரமும் வேற, ஆனா வந்து சேர்ற இடம் ஒண்ணு.

அப்போ சரியா பழைய விலைக்குத் திரும்ப எத்தனை சதவீதம் இறக்கணும்? 118-ல இருந்து 18 ரூபாய் எடுக்கணும். 18-ஐ 118-ஆல வகுத்தா 15.25 சதவீதம். அதாவது 18 சதவீதம் ஏத்தினா, திரும்ப வர 15.25 சதவீதம் இறக்கினா போதும். கடையில இருந்த அக்கா 118-ஆல வகுத்தது இதைத்தான். இது ஏதோ கணக்கு வாத்தியார் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2017-ல வந்த சிஜிஎஸ்டி விதிகள்ல 35-ஆவது விதி இதையே சொல்லுது: வரியோட சேர்ந்த விலையில இருந்து வரியைக் கண்டுபிடிக்க, அந்த விலையை வரி சதவீதத்தால பெருக்கி, 100-ஐயும் வரி சதவீதத்தையும் கூட்டின எண்ணால வகுக்கணும். நான் சாஃப்ட்வேர் எழுதறதுக்கு முன்னாடி அதைப் படிச்சிருக்கணும். படிக்கல. கோடு ஒரே ஒரு இடத்துலதான் மாறுச்சு:

```python
    tax = total * rate / (100 + rate)
```

கிரைண்டர் வரியோட பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தா இந்த விஷயம் இன்னும் நல்லாப் புரியும். 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்தப்ப கல் வெச்ச கிரைண்டருக்கு 28 சதவீதம். அந்த வருஷம் நவம்பர்ல குவாஹாத்தி கூட்டத்துல நிறைய பொருளுக்கு 28-ல இருந்து 18-ஆ குறைச்சாங்க. 28-ல இருந்து நேரா 12-க்கு வந்த பொருள் ரெண்டே ரெண்டு. ஒண்ணு நம்ம கல் கிரைண்டர். இன்னொண்ணு ராணுவ டாங்கி மாதிரியான கவச வண்டிங்க. மாவாட்டுறதும் சண்டை போடுறதும் ஒரே லிஸ்ட்ல! 2019 செப்டம்பர்ல கோவா கூட்டத்துல 12-ஐ 5-ஆ குறைச்சாங்க. 2022-ல 18 ஆச்சு.

அசல் விலை இந்தக் காலம் முழுக்க மாறாம 5,000-ஆவே இருந்துச்சுன்னு பேச்சுக்கு வெச்சுக்கலாம். நிஜத்துல கல்லு, செம்புக் கம்பி, கூலி எல்லாம் ஏறத்தான் செஞ்சது. ஆனா வரியை மட்டும் பார்த்தா, வாடிக்கையாளர் கொடுக்கிற விலை 6,400-ல இருந்து 5,600 ஆகி, 5,250 ஆகி, அப்புறம் 5,900 ஆச்சு.

கடைசி ஏத்தத்தை மட்டும் எடுத்துக்கங்க. 5,250-ல இருந்து 5,900. ஏறினது 650 ரூபாய். அப்போ கடைக்கு வந்தவங்க "வரி 13 சதவீதம்தானே ஏறிச்சு, விலையும் 13 சதவீதம் ஏறியிருக்கும்"னு சொல்வாங்க. 5-க்கும் 18-க்கும் வித்தியாசம் 13தான். ஆனா அந்த 13 அசல் விலையான 5,000-ல 13. வாடிக்கையாளர் நேத்து வரைக்கும் கொடுத்தது 5,000 இல்ல, 5,250. அவருக்கு விலை ஏறினது 650-ஐ 5,250-ஆல வகுத்தா வர்ற 12.38 சதவீதம். நாளைக்கே அரசாங்கம் மறுபடி 5-க்குக் கொண்டுவந்துட்டா? அதே 650 ரூபாய் இறங்கும். ஆனா இப்போ அது 5,900-ல இருந்து இறங்குது, அதனால 11.02 சதவீதம். ஏறும்போதும் இறங்கும்போதும் கையில இருந்து போய்வந்தது அதே 650 ரூபாய், சதவீதம் மட்டும் வேற. "12 சதவீதம் ஏத்தினாங்க, ஆனா 11தான் இறக்கினாங்க, மீதியைக் கம்பெனிக்காரன் அமுக்கிட்டான்"னு யாராவது வாட்ஸ்அப்ல போட்டா, அதை நம்பறதுக்கு முன்னாடி ரூபாய்க் கணக்கைப் பாருங்க. சதவீதத்தோட சதவீதத்தை ஒப்பிட்டா தப்பான ஆளு மேல பழி விழும்.

இப்போ திருப்பூர்த் தங்கச்சி கிட்ட வருவோம். அவங்க டி-ஷர்ட்டோட அடக்க விலை 250 ரூபாய். 40 சதவீதம் ஏத்தினாங்க, 100 ரூபாய் சேர்ந்துச்சு, 350. அப்புறம் 40 சதவீதம் தள்ளுபடி. 350-ல 40 சதவீதம்னா 140. வித்தது 210 ரூபாய்க்கு. போட்ட காசு 250, வந்த காசு 210. ஒரு சட்டைக்கு 40 ரூபாய் நஷ்டம். நூறு சட்டை வித்திருக்காங்க. 4,000 ரூபாய். மெயில்ல அவங்க சொன்ன பற்றாக்குறையும் கிட்டத்தட்ட இதேதான்.

40 சதவீதத்துல r வர்க்கம் 16 சதவீதம் ஆயிடுது, பார்த்தீங்களா. 5 சதவீதத்துல கால் சதவீதமா இருந்தது இங்க 16. அதனாலதான் சின்ன ஏத்த இறக்கத்துல "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்றவங்களைப் பெருசா குத்தம் சொல்ல முடியாது. காய்கறி விலை 2 சதவீதம் ஏறி 2 சதவீதம் இறங்கினா, நூத்துக்கு 4 பைசாதான் வித்தியாசம், அதைப் பேசி நேரத்தைக் கெடுத்துக்க வேண்டாம். தள்ளுபடி போடற தொழில்ல அந்தச் சலுகை கிடையாது.

அவங்க எவ்வளவு தள்ளுபடி கொடுத்திருக்கலாம்? 100 ரூபாய் ஏத்தினாங்க, 350-ல இருந்து அதே 100-ஐ எடுக்கணும். 100-ஐ 350-ஆல வகுத்தா 28.57. அதனால 28 சதவீதம்னு போர்டு வெச்சிருந்தா 252 ரூபாய் வந்திருக்கும், போட்ட காசு வந்து ரெண்டு ரூபாய் மிச்சம். 29-னு வெச்சா 248 ரூபாய் 50 பைசா, அங்கயே நஷ்டம் ஆரம்பிச்சிருது.

அவங்க திருப்பி ஒண்ணு கேட்டாங்க, அது நல்ல கேள்வி. "அண்ணா, 28 சதவீதம்னு போட்டா யாரும் க்ளிக் பண்ண மாட்டாங்க. 40 சதவீதம்னு போட்டாத்தான் பார்க்கறாங்க. அப்போ நான் முதல்லயே எவ்வளவு ஏத்தியிருக்கணும்?" இப்போ கணக்கு தலைகீழ். 40 சதவீதம் தள்ளுபடி போனா 60 சதவீதம் மிஞ்சும். அந்த 60 சதவீதம் 250 ஆகணும். 250-ஐ 0.6-ஆல வகுத்தா 416 ரூபாய் 67 பைசா. அதாவது அடக்க விலை மேல 66.67 சதவீதம் ஏத்தியிருந்தாத்தான் 40 சதவீதத் தள்ளுபடியில போட்ட காசு வரும். 50 சதவீதத் தள்ளுபடின்னா நூறு சதவீதம் ஏத்தியிருக்கணும், அதாவது விலையை இரட்டிப்பாக்கணும்.

ஆடி மாசம் கிராஸ் கட் ரோட்ல நடந்து போனா ரெண்டு பக்கமும் பெரிய பெரிய எழுத்துல 30, 40, 50-னு போர்டு தொங்கும். அந்தக் கணக்கு அவங்களுக்கு நல்லாத் தெரியும். இறக்கற சதவீதத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு, அப்புறம்தான் ஏத்தற சதவீதத்தைப் போடணும்ங்கறதுதான் அந்தத் தொழிலோட வரிசை. ஏத்தறதை முதல்ல போட்டுட்டு அதே நம்பரை இறக்கறது, புதுசா கடை போடறவங்களும் நானும் பண்ற வேலை.

மாமா கடைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா, ஜூலை 18-ல இருந்து மாசக் கடைசி வரைக்கும் 14 கிரைண்டர் வித்திருந்துச்சு. 14 தடவை 162, மொத்தம் 2,268 ரூபாய். ரிட்டர்ன் இன்னும் போகாததால ஆடிட்டர் அதைச் சரிபண்ணிட்டாரு. அதுக்கு முன்னாடி 5 சதவீதக் காலத்துல ஏறக்குறைய 260 கிரைண்டருக்குப் பன்னெண்டரை பன்னெண்டரையாக் கட்டினது 3,250 ரூபாய். அதைத் திரும்ப வாங்க அலைஞ்சா அந்த அலைச்சலே அதுக்கு மேல ஆயிடும்னு விட்டுட்டாங்க. நான் கொடுக்கறேன்னு சொன்னேன். மாமா வாங்கல. "சாஃப்ட்வேர் வாங்கியிருந்தா அதுக்கும் மேல ஆகியிருக்கும் போடா" அப்படின்னாரு. ஆனா தீபாவளிக்கு எல்லாரும் கூடினப்ப மொத்த சொந்தக்காரங்க கிட்டயும் சொல்லிட்டாரு. அதுக்கு 3,250 கொடுத்திருக்கலாம்.

ஆடிட்டர் போனை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னாரு. "தம்பி, ரவுண்ட் ஆஃப் ஒரு ரூபாய்க்கு மேல போனா அது ரவுண்ட் ஆஃப் இல்லீங்க." அதை அப்படியே டெஸ்டா எழுதி வெச்சேன். பின்னாடி போய்க் கண்டுபிடிச்ச அசல் விலையை எடுத்து, மறுபடி முன்னாடி வரியைப் போட்டு, பழைய மொத்தம் வருதான்னு பாக்கறது. ஆடிட்டர் என்னைப் போன்ல பண்ண வெச்சதும் அதேதான்.

```python
for rate in (5, 12, 18, 28):
    base, tax = split_price(5499, rate)
    assert abs(base * (1 + rate/100) - 5499) < 0.05
```

இதுல 5,499-னு ஒரு முரட்டு நம்பர் போட்டிருக்கறதுக்குக் காரணம் இருக்கு. 5,900 மாதிரி நம்பர் 118-ஆல அழகா வகுபடும், எந்தச் சிக்கலும் வராது. 5,499-க்கு 18 சதவீதத்துல வரி 838 ரூபாய் 83 பைசா, அசல் 4,660 ரூபாய் 17 பைசா. பில்லுல வரியை சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு 9, 9-ஆ ரெண்டாப் பிரிக்கணும். 4,660.17-ல 9 சதவீதம் 419 ரூபாய் 42 பைசான்னு முழுசாகும். ரெண்டு தடவை சேர்த்தா 838 ரூபாய் 84 பைசா. மொத்தம் 5,499 ரூபாய் ஒரு பைசா ஆயிடும். அந்த ஒரு பைசாதான் நிஜமான ரவுண்ட் ஆஃப். அது பில்லுக்குக் கீழ தனி வரியா வரும்.

டெஸ்டுல நாலு சதவீதமும் இருக்கறது பழைய சூடு. பழைய கோடை வெச்சு ஓட்டினா 5 சதவீதத்துலயே நின்னுடும், 18 வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல மாமா இன்னும் கால்குலேட்டரை வெச்சிருக்காரு. கிரைண்டர் பில் போட்டதும், பிரிண்ட் வர்றதுக்குள்ள, 118-ஆல ஒரு தடவை வகுத்துப் பார்த்துக்கறாரு. நான் கடையில உக்காந்திருந்தா கொஞ்சம் சத்தமாவே பட்டனைத் தட்டுவாரு.